கடைக்காரர் 3 ரோல், ஒட்டுறவர் 5 ரோல்: 16 அடி சுவருக்கு எது சரி?

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 7, இரவு 9.50

பழைய வண்ணாரப்பேட்டையில எங்க வீட்டு ஹால்ல டிவி இருக்கற ஒரு சுவருக்கு மட்டும் வால்பேப்பர் ஒட்டலாம்னு முடிவு. சுவர் அகலம் 16 அடி, உயரம் 9 அடி 8 இன்ச். கதவு, ஜன்னல் எதுவும் கிடையாது, வெறும் சுவர். பாரிமுனை பக்கம் ஒரு கடையில பெரிய தாமரைப் பூ போட்ட பேப்பர் பிடிச்சுது. கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டி, "155 சதுர அடி, ஒரு ரோல் 57 சதுர அடி, மூணு ரோல் போதும்"னார். அவரே ஒட்டுறதுக்கு ஆள் அனுப்பினார். அந்த ஆள் வந்து சுவரைப் பார்த்தார், பேப்பர் மேல இருக்கற லேபிளைப் பார்த்தார், "அஞ்சு இல்லாம நான் கை வைக்க மாட்டேன்"னுட்டார்.

ஒரு ரோல் 2,400 ரூபாய். மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு கிரைண்டர் வாங்கலாம். யார் டபாய்க்கறாங்க?

கணக்கு சார் | ஜூன் 7, இரவு 10.20

இருவரும் இல்லை. 155ஐ 57ஆல் வகுத்தால் 2.7. சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 3.1. முழு ரோலாக வாங்க வேண்டும், ஆகவே 4. கொளத்தூரில் என் மகன் வீட்டில் மூன்று அறைக்கு இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு ரோல் மிஞ்சியது, குறையவில்லை. கடைக்காரர் சேதாரத்தை மறந்தார், ஒட்டுபவர் கூலியோடு ஒரு ரோலையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்.

கோந்து வாளி | ஜூன் 8, காலை 6.15

பெரம்பூர்ல இருந்து. இருபது வருஷமா இதே வேலை. சதுர அடியை மறந்துடுங்க. பேப்பர் என்ன பெயிண்டா, வாளியில இருந்து ஊத்தி மிச்சத்தை அடுத்த சுவருக்குத் தடவ? மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே பட்டையா வரணும். ஒரு ரோல்ல எத்தனை முழுப் பட்டை கிடைக்குது, சுவருக்கு எத்தனை பட்டை வேணும், இந்த ரெண்டு கேள்விதான். ரெண்டரைப் பட்டை கிடைச்சா அது ரெண்டுதான். அந்த அரை குப்பைக்கு.

லேபிள்ல ரெண்டு அம்புக்குறி எதிரெதிரா பார்த்துக்கிட்டு இருக்கும். நேருக்கு நேரா இருக்கா, ஒண்ணு மேல ஒண்ணு கீழ ஏறி இறங்கி இருக்கா? பக்கத்துல என்ன நம்பர்? அதைச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்.

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 8, காலை 8.05

ஏறி இறங்கித்தான் இருக்கு அண்ணே. பக்கத்துல 64/32னு போட்டிருக்கு. மேல 0.53 x 10.05 m.

கோந்து வாளி | ஜூன் 8, காலை 8.30

அதான். அந்த ஒட்டுறவர் திருடன் இல்ல.

64ன்னா ஒரு பூ ஆரம்பிச்சு அதே பூ மறுபடி வர்றதுக்கு 64 சென்டிமீட்டர். 32ன்னா பக்கத்துப் பட்டை பாதி பூ கீழ இறங்கி ஒட்டினாத்தான் இலையும் தண்டும் சேரும். மூணாவது பட்டை மறுபடி முதல் பட்டை மாதிரியே வந்துடும். இந்த 'பாதி இறக்கம்'தான் ரோலைத் தின்னும்.

உங்க சுவர் 16 அடி, அதாவது 488 சென்டிமீட்டர். 53ஆல் வகுத்தா 9.2. அந்த 0.2க்கும் ஒரு முழுப் பட்டை போகும். ஆக 10 பட்டை. உயரம் 295, மேல கீழ வெட்டிச் சரி பண்ண 10 சேர்த்து 305. இப்ப ஒரு ரோல்ல 305 எத்தனை எடுக்க முடியும்னு நீங்களே போட்டுப் பாருங்க. பூ சேரணும், அதை மட்டும் மறக்காதீங்க.

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 8, இரவு 7.40

பேப்பர்ல போட்டா மண்டையில ஏறல. மொட்டை மாடிக்குப் போயி செங்கல் துண்டால 1005 சென்டிமீட்டர் கோடு இழுத்தேன். நல்லவேளை மாடி நீளம். 64க்கு ஒரு குறுக்குக் கோடு, அதான் ஒவ்வொரு பூவும் ஆரம்பிக்கிற இடம். சின்னது ஓடி வந்து "அப்பா, பாண்டி ஆடவா?"ன்னுச்சு.

முதல் பட்டை 0ல இருந்து 305 வரைக்கும். ரெண்டாவது பாதி பூவுல ஆரம்பிக்கணும். 305க்கு அப்புறம் வர்ற முதல் பாதி பூ 352ல. நடுவுல 47 சென்டிமீட்டர் குப்பை. ரெண்டாவது 657ல முடியுது. மூணாவது முழுப் பூவுல ஆரம்பிக்கணும், அது 704ல. அங்க இருந்து 305 போனா 1009.

ரோல் 1005ல முடிஞ்சுடுது. நாலு சென்டிமீட்டர்! நாலு விரல் கூட இல்ல. அதனால ரோலுக்கு ரெண்டு பட்டைதான், பத்துப் பட்டைக்கு அஞ்சு ரோல். ஒட்டுறவர் சொன்னது அட்சர சுத்தம். கடைக்காரருக்குத்தான் தெரியல.

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 8, இரவு 7.55

ஒரு சந்தேகம். மேல கீழ 10 விடறதுக்குப் பதிலா 6 விட்டா? பட்டை 301 ஆகுது. 704 கூட்டினா 1005. கச்சிதமா முடியுதே!

கோந்து வாளி | ஜூன் 8, இரவு 9.10

கச்சிதமா முடியறதுதான் பயம். ரோல் முனை கசங்கி இருக்கும், நேரா வெட்டி இருக்காது. உங்க கூரையும் நேரா இருக்காது, பழைய வீடு. ஒரு மூலையில 2 சென்டி குறைஞ்சா தரைக்கு மேல வெள்ளைக் கோடு தெரியும். எல்லா ரோல்லயும் அப்படி வரணும்னு வேண்டிக்கிட்டு ஒட்ட முடியாது.

வேற வழி இருக்கு. ஒரு ரோலை மாத்தி மாத்தி ஏன் வெட்டறீங்க? ரெண்டு ரோலை ஒண்ணா பிரிங்க. ஒண்ணுல இருந்து 1, 3, 5ன்னு ஒத்தப்படை பட்டை மட்டும். இன்னொண்ணுல இருந்து 2, 4, 6. செங்கல் துண்டு இன்னும் இருக்கா?

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 9, காலை 6.50

தூக்கம் வரல. விடிஞ்சதும் மாடி. 

ஒத்தப்படை ரோல்ல எல்லாப் பட்டையும் முழுப் பூவுலயே ஆரம்பிக்குது. 0 முதல் 305, அடுத்த பூ 320ல, 625 வரை. அடுத்தது 640ல, 945 வரை. மூணு பட்டை! இன்னும் 60 சென்டி மிச்சம். ரெட்டைப்படை ரோலும் அதே மாதிரி, ஆரம்பம் மட்டும் பாதி பூ தள்ளி.

பத்துப் பட்டைன்னா ஒத்தப்படை அஞ்சு, ரெட்டைப்படை அஞ்சு. முதல் ரெண்டு ரோல்ல மூணு மூணு, அடுத்த ரெண்டு ரோல்ல ரெண்டு ரெண்டு. நாலு ரோல்! அதே பேப்பர், அதே சுவர். கத்தி வைக்கற வரிசையில ஒரு ரோல் மிச்சம். நேத்து ஒட்டுறவர் 'அட்சர சுத்தம்'னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன்.

கணக்கு சார் | ஜூன் 9, காலை 9.00

நான் முதல் நாளே 4 என்றேன். மாடி ஏறாமல்.

கோந்து வாளி | ஜூன் 9, காலை 9.25

சார், விடை வந்துச்சு, வழி வரல. இதே சுவர் 10 அடி 4 இன்ச் உயரம்னு வெச்சுக்குங்க. உங்க கணக்குல 165 சதுர அடி, சேதாரம் சேர்த்து 3.3, அதுவும் நாலு ரோல்தான். ஆனா பட்டை 325 ஆயிடுது, அஞ்சு பூவைத் தாண்டிடுச்சு. அடுத்த பட்டை 384ல, அதுக்கு அடுத்தது 768ல ஆரம்பிக்கணும். 768ம் 325ம் 1093. ரோல் தாங்காது. எப்படி வெட்டினாலும் ரெண்டுதான், அஞ்சு ரோல் வேணும். எட்டு இன்ச் உயரம் கூடினதுக்கு ஒரு முழு ரோல். சதவீதத்துக்கு இது தெரியாது.

ரயிலடி | ஜூன் 9, மதியம் 1.15

ராயபுரம். அந்த 10 அடி 4 இன்ச் வீடு என் வீடுதான் அண்ணே, வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டீங்க.

பெட்ரூம் சுவர் 15 அடி. போன வருஷம் வாங்கினேன், அதே 64 சைஸ் பூ. கடையில 155 சதுர அடின்னு மூணு சொன்னாங்க. நான் விவரமா ஒண்ணு சேர்த்து நாலு வாங்கினேன். எட்டுப் பட்டை வந்துச்சு, வேண்டியது ஒன்பது. கடைசி ஒரு அடிக்கு மொட்டைச் சுவர். ஒரு ரோல் திரும்ப வாங்கப் போனா அதே நம்பர் பேப்பர் இருக்கு, ஆனா லேபிள்ல பேட்ச் நம்பர் வேற. 'ஒண்ணும் தெரியாது சார்'னாங்க. பகல்ல தெரியல. ராத்திரி டியூப் லைட் போட்டா அந்த ஒரு பட்டை மட்டும் வெளுத்த வேட்டி மாதிரி நிக்குது. இப்ப அங்க பீரோ இருக்கு. பீரோ வெச்சதுல ஜன்னல் பாதி திறக்காது.

எக்செல் தம்பி | ஜூன் 9, மாலை 4.30

மாடி ஏற முடியாதவங்களுக்கு. ஒரு ரோல்ல எத்தனை பட்டைன்னு இது சொல்லும். 305ங்கற இடத்துல உங்க உயரம் கூட்டல் 10, 64ங்கற இடத்துல உங்க பூ அளவு.

```
=INT((1005-305)/CEILING(305,64))+1
```

இதுக்கு 3 வருது. 325 போட்டா 2. கடைசிப் பட்டைக்கு அப்புறம் பூ முடியணும்னு அவசியம் இல்ல, அதனாலதான் அதை முதல்ல கழிச்சிட்டு வகுக்கறேன். அம்பு ஏறி இறங்கி இருந்தா கோந்து வாளி அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டு ரோலா பிரிச்சு வெட்டினாத்தான் இந்த எண் செல்லும். பூ சேர்க்கவே வேண்டாம்னு 0 போட்ட பேப்பர்னா 64க்குப் பதிலா 1 போடுங்க.

மஞ்சப்பை | ஜூன் 9, மாலை 6.00

எல்லாரும் சுவரையே பேசறீங்க. எங்களுக்குத் தண்டையார்பேட்டையில வாடகை வீடு, சிமெண்ட் தரை. மேல விரிக்கற வினைல் ஷீட் வாங்கணும். ரூம் 10க்கு 12. இதுக்கும் 57 சதுர அடி கணக்கா? எத்தனை ரோல் வாங்கணும்?

கோந்து வாளி | ஜூன் 9, மாலை 6.40

அக்கா, அது வேற. தரை ஷீட்டுக்கு முழு ரோல் வாங்க வேண்டாம். ரோல் அகலம் பெரும்பாலும் ரெண்டு மீட்டர், நீளம் கேக்கற அளவுக்கு வெட்டிக் குடுப்பாங்க. உங்க ரூம் 305க்கு 366. ரெண்டு மீட்டர் அகலத்துக்கு எப்படிப் போட்டாலும் ரெண்டு துண்டு வேணும். 12 அடிப் பக்கமா நீளமா விரிச்சா துண்டுக்கு 376, ரெண்டும் ஏழரை மீட்டர். 10 அடிப் பக்கமா விரிச்சா துண்டுக்கு 315, ரெண்டும் 6.3 மீட்டர். ரெண்டு துண்டும் சேர்ந்து 4 மீட்டர் அகலம், உங்க 366ஐ மூடிடும். ஒரு மீட்டருக்கு மேல மிச்சம். கடையில கேக்காம நீளப் பக்கமாத்தான் போடுவாங்க. மரப்பலகை டிசைன்னா ரெண்டாவது துண்டுக்கு டிசைன் திரும்பற அளவு கூடச் சேர்த்து வாங்குங்க, இல்லன்னா ஒட்டு விழற இடத்துல பலகை முறிஞ்ச மாதிரி இருக்கும்.

மஞ்சப்பை | ஜூன் 9, இரவு 8.15

பலகை டிசைனை 10 அடிப் பக்கமா போட்டா வாசல்ல இருந்து பார்க்க ரூம் குட்டையா தெரியாதா?

கோந்து வாளி | ஜூன் 9, இரவு 8.20

தெரியும். 1.2 மீட்டர் காசா, கண்ணுக்கு அழகா, அது நீங்களும் வீட்டுக்காரரும் பேசிக்கணும்.

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 10, காலை 7.30

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, உயரத்தை நான் ஒரே இடத்துல அளந்திருக்கேன். நேத்து மறு மூலையில டேப் வெச்சா 9 அடி 10. பழைய வீடு, அண்ணன் சொன்ன மாதிரியே. பட்டை 310 ஆகுது. ஆனா அஞ்சு பூ 320 வரைக்கும் தாங்கும், அதனால கணக்கு மாறல. 10 அடி 2 இன்ச் வரைக்கும் இதே கணக்கு ஓடும். 10 அடி 3ஐத் தொட்டா ரயிலடி அண்ணன் வீட்டு நிலைமை. சுவரை மூணு இடத்துல அளந்து பெரிசை எடுத்துக்குங்க.

ரெண்டாவது பெரிய ஓட்டை. நான் மாடியில போட்ட ரெண்டு கோட்டுலயும் பூ 0ல ஆரம்பிக்குதுன்னு வெச்சுக்கிட்டேன். நிஜ ரோல் எங்க வேணா வெட்டி இருக்கும். முதல் ரோல்ல கவலை இல்ல, அது வர்ற இடத்துல ஆரம்பிச்சுக்கலாம். ரெண்டாவது ரோல் அதோட சேரணும், அதனால ஆரம்பத்துலயே கொஞ்சம் வெட்டி எறியணும், மோசமா போனா ஒரு முழுப் பூ, 64. 310 பட்டைக்கு மிச்சமே 55தான் இருக்கு. அப்ப நாலு ரோல் அம்பேலா?

கோந்து வாளி | ஜூன் 10, காலை 8.00

நல்லா பார்த்தீங்க. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.

அம்பேல் இல்ல. ரெண்டு ரோலையும் பிரிச்சு தரையில பக்கத்துல பக்கத்துல விரிங்க. எதை ஒத்தப்படை ஆக்கறது, எதை ரெட்டைப்படை ஆக்கறதுன்னு மாத்திப் பாருங்க. எதுல வெட்டு கம்மியோ அது. நாலு ரோல் கையில இருக்கு, எந்த ரெண்டு ஒத்துப்போகுதோ அதை முதல் ஜோடி ஆக்குங்க. மூணாவது நாலாவது ரோல்ல ரெண்டு பட்டைதான் வேணும், அதுல ஒரு பூவை வெட்டினாலும் இடம் இருக்கு. மூணு பட்டை எடுக்கற ஜோடிக்குத்தான் இந்தப் பாடு.

கணக்கு சார் | ஜூன் 10, காலை 10.10

அப்படியானால் சரியான விடை "நாலு, அநேகமாக". பாதுகாப்புக்கு ஐந்தாவது ரோலையும் அதே பேட்சில் வாங்கி, பிரிக்காமல் வைத்து, மிஞ்சினால் திருப்பித் தருவதாகக் கடையில் எழுதி வாங்கிக்கொள்ளலாமே. 15 சதவீதம் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மகன் வீட்டில் எப்படிச் சரியாக வந்தது?

எக்செல் தம்பி | ஜூன் 10, காலை 10.25

பூ என்ன சைஸ் சார்?

கணக்கு சார் | ஜூன் 10, காலை 10.40

பூவே இல்லை. துணி நெசவு மாதிரி ஒரு டிசைன்.

ரயிலடி | ஜூன் 10, காலை 10.42

😂 சார்!

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 10, இரவு 10.30

கடைக்காரர் ஒத்துக்கிட்டார். அஞ்சும் ஒரே பேட்ச், ஒவ்வொரு லேபிளையும் நின்னு பார்த்து எடுத்தேன். அவர் முறைச்சார். பிரிக்காத ரோலை பில்லோட கொண்டுவந்தா எடுத்துக்கறேன்னு பில்லு பின்னால எழுதிக் குடுத்தார்.

வீட்டுக்கு வந்தா புதுப் பிரச்னை. வீட்டம்மா பெரிய தாமரை டிவிக்கு மேல நட்டநடுவுல வரணும்ங்கறாங்க. முதல் பட்டையை மூலையில ஆரம்பிக்காம நடுவுல ஆரம்பிக்கணுமாம். மறுபடி செங்கல் துண்டு. பட்டையோட நடுவை சுவர் நடுவுல வெச்சா ரெண்டு பக்கமும் நாலு முழுப் பட்டை போக மூலைக்கு அஞ்சு சென்டிமீட்டர் மீதி. அதுக்கு ரெண்டு பட்டை தனியா. பத்து, பதினொண்ணு ஆயிடுச்சு! ஒரு பட்டையோட ஓரத்தை நடுவுல வெச்சா ரெண்டு மூலையிலயும் 32 சென்டி, மொத்தம் பத்தேதான். ஆனா தாமரை நடுவுல வராது, ரெண்டு தாமரைக்கு நடுவுல இணைப்பு வரும்.

கோந்து வாளி | ஜூன் 11, காலை 6.20

பதினொண்ணுக்கும் நாலு ரோல்ல இடம் இருக்கு, பன்னண்டு வரைக்கும் போகும். ஆனா அப்ப மூணாவது ரோல்லயும் மூணு பட்டை எடுக்கணும், அந்த வெட்டு தகராறு அங்கயும் வரும். அதோட அஞ்சு சென்டிப் பட்டையை மூலையில ஒட்டறது நரகம். உங்க மூலை நேரா இல்ல, மேல அஞ்சு இருந்தா கீழ மூணு இருக்கும், கண்ணு அங்கயே போகும். நான்னா இணைப்பை நடுவுல வெச்சுடுவேன். டிவி பின்னால இணைப்பு யாருக்குத் தெரியப்போகுது? அம்மா சொல்றதும் தப்பில்ல. சில வீட்டுல நானே அஞ்சு சென்டி ஒட்டியிருக்கேன், திட்டிக்கிட்டே.

சுவர்ல உப்பு பூத்திருக்கா பார்த்தீங்களா? கடலுக்கு இவ்வளவு பக்கத்துல, தரையில இருந்து ரெண்டு அடி வரைக்கும் கையால தடவிப் பாருங்க. மாவு மாதிரி ஒட்டினா நாலு ரோலா அஞ்சு ரோலாங்கற பேச்சே வேண்டாம், முதல்ல அதைச் சுரண்டிச் சரி பண்ணுங்க.

ரயிலடி | ஜூன் 11, காலை 7.00

என் பீரோ பின்னாடி அந்த ஒத்தப் பட்டை இப்ப கீழ இருந்து உரியுது. உப்புதான் போல. நல்லதாப் போச்சு.

வண்ணாரப்பேட்டை வாசி | ஜூன் 16, இரவு 9.15

முடிஞ்சுது. உப்பு இல்ல, உள் சுவர்ங்கறதால தப்பிச்சேன். இணைப்பு நடுவுல, வீட்டம்மா ரெண்டு தாமரை ஜோடியா இருக்குன்னு சமாதானம் ஆயிட்டாங்க (இதுக்கு மூணு நாள் ஆச்சு).

அஞ்சு ரோல் கேட்ட அதே ஒட்டுறவர்தான் வந்தார். ரெண்டு ரோலை ஒண்ணா பிரிக்கச் சொன்னதும் ஒரு மாதிரி பார்த்தார். தரையில விரிச்சு நாலு ரோலையும் மாத்தி மாத்தி வெச்சோம். மூணாவதும் முதலும் நல்லா ஒத்துப்போச்சு, ஆரம்பத்துல 22 சென்டிதான் வெட்டு. அந்த ஜோடியில மூணு மூணு பட்டை. ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால பென்சில்ல நம்பரும் மேல் பக்கம் எதுன்னும் எழுதிக்கிட்டார். அது இல்லன்னா தரையில பத்துப் பட்டை கிடக்கும்போது எது ஏழு, எது எட்டுன்னு தெரியாது. எட்டாவதை ஒருதரம் தலைகீழா எடுத்துட்டார், பென்சில்தான் காப்பாத்துச்சு.

கடைசி ரெண்டு ரோல்லயும் ஆளுக்கு ஒரு பட்டை அளவு மிச்சம். அதைச் சுருட்டி பரண்ல வெச்சிருக்கேன், பின்னாடி எங்கயாவது கிழிஞ்சா உதவும். அஞ்சாவது ரோலைத் திருப்பிக் குடுத்தாச்சு, 2,400 வந்துடுச்சு.

போகும்போது ஒட்டுறவர் கேட்டார், "சார், அந்த ரெண்டு ரோல் விஷயம் யாரு சொன்னது?" பெரம்பூர்ல ஒரு அண்ணன்னேன். "பெரம்பூரா..."ன்னு இழுத்துட்டுப் போயிட்டார். அண்ணே, தெரிஞ்சவரா?

கோந்து வாளி | ஜூன் 17, காலை 6.05

இடது கையில கத்தி பிடிப்பாரா?